ஜாயின்ட் எஃப்.டி.: பணம் அம்மாவுடையது, முதல் பெயர் மகனுடையது, வட்டிக்கு வரி யார் கட்டுவது?

வங்கியில் இரண்டு பேர் பெயரில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. பணம் முழுவதையும் போட்டவர் ஒருவர்தான். இன்னொருவர் பெயர் வசதிக்காகச் சேர்க்கப்பட்டது. இந்த டெபாசிட்டின் வட்டி யாருடைய வருமானம் என்று கேட்டால் மூன்று விதமான பதில் கிடைக்கும். முதல் பெயர் யாருடையதோ அவருடையது என்பார் ஒருவர். இரண்டு பேர் இருப்பதால் ஆளுக்குப் பாதி என்பார் இன்னொருவர். பணம் யாருடையதோ வட்டியும் அவருடையது என்பது மூன்றாவது பதில். இந்திய வருமான வரிச் சட்டப்படி மூன்றாவதுதான் சரி. ஆனால் வங்கியின் கணினி முதல் பதிலின்படி நடக்கிறது. சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் பழையது. 1928-இல், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சிலுக்கு குரான் தித்தா எதிர் ராம் தித்தா என்ற வழக்கு போனது. கணவர் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் அல்லது மிஞ்சியிருப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு வங்கியில் போட்டிருந்தார். அவர் இறந்தபின் பணம் மனைவிக்கே சொந்தமா என்பது கேள்வி. இங்கிலாந்தில் கணவன் தன் மனைவியின் பெயரில் பணம் போட்டால், கொடுக்கத்தான் போட்டான் என்று ஊகித்துக்கொள்வார்கள். இந்தியாவில் அப்படி ஊகிக்க இடமில்லை, தானமாகக் கொடுத்தார் என்று நிரூபிக்காதவரை பணம் போட்டவருடையதே என்று தீர்ப்பானது. அசல் ஒருவருடையது என்றால் அதன் வட்டியும் அவருடையதுதானே. பெயர் சேர்த்ததால் மட்டும் வருமானம் கைமாறுவதில்லை.

வங்கிக்கு இதைப் பற்றியெல்லாம் கவலை கிடையாது. ரசீதில் முதலில் இருக்கும் பெயர், அந்தப் பெயரின் பான் எண், அவ்வளவுதான் அதன் கணக்கு. வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால் 194ஏ பிரிவின்படி டி.டி.எஸ். என்ற பெயரில் வட்டியிலேயே 10 சதவீதம் வரி பிடித்து, அந்த பான் எண்ணில் ஏற்றிவிடும். 2025-26 நிதியாண்டில் அந்த வரம்பு மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் ரூபாய், மற்றவர்களுக்கு 50,000. பிடித்த வரி முதல் பெயர்க்காரரின் 26ஏ.எஸ். என்ற வரிக் கணக்குப் படிவத்திலும், வட்டி அவருடைய ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் வந்து நிற்கும். இரண்டாவது பெயர்க்காரரின் பக்கத்தில் டி.டி.எஸ். எதுவும் தெரியாது.

(2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருட வருமான வரிச் சட்டம் அமல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. இங்கே சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கான, 1961 சட்டத்தின் எண்கள். வருமானம் யாருடையது என்ற அடிப்படை மாறவில்லை.)

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 64 வயது, தஞ்சாவூரில் இருக்கிறார். மாதம் 20,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. பிறந்த வீட்டிலிருந்து வந்த மனை ஒன்றை விற்று, அதற்கான வரியையும் போன வருடமே கட்டிவிட்டு, கையில் 18 லட்சம் வைத்திருக்கிறார். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார், ஆண்டுச் சம்பளம் 28 லட்சம். மகள் திருச்சியில். பணத்தை எஃப்.டி.யில் போட வங்கிக்குப் போனால், கவுன்ட்டரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொல்வார்: “தம்பி பேரை முதல்ல போட்டுரலாம்மா, ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே வந்துரும், உங்களுக்கு அலைச்சல் இல்ல.” அம்மாவும் சரி என்பார். இந்த ஒரு “சரி”யின் விலை என்ன என்று பார்க்கலாம்.

முதலில், அம்மா பெயர் முன்னால், மகன் பெயர் பின்னால் இருந்தால் என்ன ஆகும்? பொதுவாக வங்கிகள் மூத்த குடிமக்களுக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி தருகின்றன. முதல் பெயர் மூத்தவருடையதாக இருந்தால்தான் அது கிடைக்கும். மற்றவர்களுக்கு 6.5 சதவீதம் என்றால் அம்மாவுக்கு 7. சுலபமாக இருக்க ஆண்டு வட்டியாகவே கணக்கிடுவோம்: 18 லட்சத்துக்கு 1,26,000 ரூபாய். ஓய்வூதியம் ஆண்டுக்கு 2,40,000. புதிய வரி முறையில் குடும்ப ஓய்வூதியத்துக்கு 25,000 கழிவு உண்டு. மீதி 2,15,000-த்தோடு வட்டியைக் கூட்டினால் 3,41,000. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே இல்லை. ஆக அம்மாவுக்கு வரி பூஜ்யம்.

வட்டி 1 லட்சத்தைத் தாண்டுவதால் வங்கி டி.டி.எஸ். பிடிக்கப் பார்க்கும். அதற்கு அம்மா ஒவ்வொரு நிதியாண்டின் ஆரம்பத்திலும் தனக்கு வரி வராது என்று உறுதி சொல்லும் 15எச் படிவம் கொடுத்தால் போதும், பிடிக்க மாட்டார்கள். இதை ஏப்ரலிலேயே கொடுத்துவிட வேண்டும். முதல் காலாண்டு வட்டியில் பிடித்தபிறகு கொடுத்தால், பிடித்ததை வங்கி திருப்பித் தராது, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்க வேண்டியதுதான்.

ஓ.டி.பி. அலைச்சலுக்கு வேறு வழி இருக்கிறது. கணக்கை இயக்கும் முறை என்று படிவத்தில் ஒரு கட்டம் வருமே, அதை நின்று படித்து நிரப்ப வேண்டும். ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்று போட்டால் முதிர்வுத் தேதியில் அம்மாவோ மகனோ தனியாகவே பணத்தை எடுக்கலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்று போட்டால் அம்மா இருக்கும்வரை அவர் மட்டும், அவருக்குப் பின் மகன். இரண்டுமே பணத்தை யாரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும் என்பதற்கான ஏற்பாடுதான். அம்மா காலமான பிறகு வங்கி மகனிடம் பணத்தைக் கொடுத்துவிடும், ஆனால் உயில் எதுவும் இல்லையென்றால் அதில் பாதி திருச்சியில் இருக்கும் மகளுடையது. அன்றிலிருந்து ஓடும் வட்டியும் அப்படியே பாதிப் பாதி. மகன் பெயரைச் சேர்க்காமல் அம்மா பெயரில் மட்டும் போட்டு நாமினி எழுதினாலும் வரிக் கணக்கு இதேதான். நாமினியும் வாங்கிக் கொடுக்கும் கையே, சொந்தக்காரர் அல்ல என்று 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவசரத்துக்கு மகன் பணம் எடுக்கும்படி இருக்கட்டும் என்றால் ஜாயின்ட், அது வேண்டாம் என்றால் நாமினி.

இப்போது கவுன்ட்டரில் சொன்ன யோசனைக்கு வருவோம். மகன் முதல் பெயர், அம்மா இரண்டாவது. மூத்தவருக்கான அரை சதவீதம் உடனே போய்விடும். 18 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 9,000 ரூபாய். இந்த இழப்பு எந்த ரிட்டர்னிலும் தெரியாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. வட்டி 1,17,000. மகனுக்கு 60 வயது ஆகாததால் வரம்பு 50,000-தான், ஆகவே 11,700 ரூபாய் டி.டி.எஸ். மகனின் பான் எண்ணில் விழும். அம்மாவின் 15எச் இங்கே செல்லாது, ஏனென்றால் வங்கியைப் பொறுத்தவரை வட்டிக்காரர் மகன். 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான 15ஜி படிவத்தை மகனும் கொடுக்க முடியாது, அவருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருக்கிறது.

ரிட்டர்ன் போடும் நேரத்தில் மகன் வருமான வரித் தளத்தில் நுழைந்தால், ஏ.ஐ.எஸ்.இல் 1,17,000 வட்டி அவர் பெயரில் இருக்கும். பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? ‘துறையே காட்டுகிறது, சேர்த்துவிடுவோம், எதற்கு வம்பு’ என்று தன் வருமானத்தில் சேர்த்துவிடுகிறார்கள். மகனின் வருமானம் 24 லட்சத்துக்கு மேல், ஆகவே 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும். மொத்தம் 36,504 ரூபாய் வரி. அம்மா பெயர் முன்னால் இருந்திருந்தால் ஒரு பைசா இல்லை. விட்டுப்போன அரை சதவீதத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 45,504 ரூபாய். ஐந்து வருட டெபாசிட் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மகன் இதைக் கட்டத் தேவையில்லை என்பதுதான் விஷயம். வட்டி அம்மாவுடையது, அதை அம்மாவின் வருமானமாகக் காட்டலாம், காட்ட வேண்டும். அதற்கென்றே வருமான வரி விதிகளில் 37பிஏ என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் பெயரில் டி.டி.எஸ். பிடித்து, வருமானம் இன்னொருவருடையதாக இருந்தால், வரியின் பலன் அந்த இன்னொருவருக்கே போக வேண்டும் என்கிறது அதன் 2-ஆம் உட்பிரிவு. முறையான வழி இப்படி: மகன் வங்கிக்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் அம்மாவின் பெயர், முகவரி, பான் எண், எந்த டெபாசிட்டின் வட்டி, ஏன் அது அம்மாவின் வருமானம் என்ற காரணம் இவ்வளவும் இருக்க வேண்டும். காரணத்தை நீட்டி முழக்க வேண்டாம். “இந்த வைப்புத் தொகை முழுவதும் என் தாயாரின் சேமிப்புக் கணக்கிலிருந்து இன்ன தேதியில் மாற்றப்பட்டது, எனக்கு இதில் பங்கு இல்லை” என்றால் போதும். கடிதத்தை ஏற்றதும் வங்கி டி.டி.எஸ்.ஸை அம்மாவின் பான் எண்ணில் ஏற்ற வேண்டும், வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழையும் அம்மா பெயரில் தர வேண்டும்.

நடைமுறையில் இந்த விதியைக் கேள்விப்படாத கிளைகள் நிறைய. கடிதத்தை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, டி.டி.எஸ்.ஸை வழக்கம்போல முதல் பெயரிலேயே ஏற்றிவிடுவார்கள். அதனால் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த காலாண்டில் அம்மாவின் 26ஏ.எஸ்.ஸைத் திறந்து பாருங்கள். வங்கியின் பெயரும் 194ஏ என்ற பிரிவும் அங்கே வந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. மகனுடையதில் வந்திருந்தால் நடக்கவில்லை.

நடக்காவிட்டால் ரிட்டர்னில் சரிசெய்யலாம், கொஞ்சம் வேலை வாங்கும். ஏ.ஐ.எஸ்.இல் அந்த வட்டிப் பதிவுக்குப் பக்கத்தில் கருத்துத் தெரிவிக்கும் பொத்தான் இருக்கும், அதில் `Information relates to other PAN/Year` என்ற தேர்வை எடுத்து அம்மாவின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். அடுத்து, மகனும் அம்மாவும் இருவருமே ஐ.டி.ஆர்.-2 என்ற ரிட்டர்ன் படிவத்தில் போட வேண்டும். வழக்கமாக இவர்கள் வருமானத்துக்கு ஐ.டி.ஆர்.-1 போதும் என்று தோன்றும். ஆனால் தன் வருமானத்துக்கு இன்னொருவர் பெயரில் வரி பிடிக்கப்பட்டிருந்தால் ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. ஐ.டி.ஆர்.-2-இன் டி.டி.எஸ். அட்டவணையில்தான் 37பிஏ(2)-க்கான கட்டமும், அடுத்தவரின் பான் எண்ணுக்கான கட்டமும் இருக்கின்றன. மகன் தன் அட்டவணையில் 11,700-ஐக் காட்டி அதை அம்மாவின் பான் எண்ணுக்குத் தள்ளுகிறார். அம்மா தன் அட்டவணையில் மகனின் பான் எண்ணைக் குறித்து அதையே கோருகிறார், 1,17,000 வட்டியையும் தன் வருமானமாகக் காட்டுகிறார். அவருக்கு வரி இல்லாததால் 11,700-உம் ரீஃபண்டாக வரும். இரண்டு ரிட்டர்னும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல்போனால் அம்மாவின் கோரிக்கை நின்றுவிடும், அப்புறம் திருத்த மனு, கடிதப் போக்குவரத்து. வட்டியை மகன் விட்டுவிட்டு டி.டி.எஸ்.ஸை மட்டும் தானே எடுத்துக்கொள்வதுதான் இதில் நடக்கும் மோசமான காரியம். அதை எந்தக் காரணத்தைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

இவ்வளவுக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்று: அம்மாவின் பாஸ்புக்கில் அந்த 18 லட்சம் வெளியே போன பதிவு. அது நேராக டெபாசிட்டுக்குப் போயிருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அம்மா மகன் கணக்குக்கு அனுப்பி, மகன் தன் சம்பளப் பணம் கலந்திருக்கும் கணக்கிலிருந்து எஃப்.டி. போட்டிருந்தால், இது அம்மா கொடுத்த பணமா, கடனா, மகனுடைய சேமிப்பா என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு: பணத்தையே உண்மையாகக் கொடுத்துவிடுவது. அம்மா 18 லட்சத்தை மகனுக்குத் தானமாகக் கொடுத்தால், நெருங்கிய உறவு என்பதால் வாங்கிய மகனுக்கு அந்தத் தொகைக்கு வரி இல்லை. அதன்பின் வட்டி மகனுடையது, அவருக்கு 31.2 சதவீதம். இந்தக் குடும்பத்தில் இதை யாரும் செய்யப்போவதில்லை. இதையே திருப்பிப் போட்டால்தான் சுவாரசியம். பணம் மகனுடையது என்று வைத்துக்கொள்வோம். அம்மா பெயரை முதலில் போட்டு ஜாயின்ட் டெபாசிட் போட்டால் வரி மிச்சமாகுமா? ஆகாது. பணம் மகனுடையது, வட்டியும் மகனுடையது, முதல் பெயர் அம்மாவுடையதாக இருப்பதால் மூத்தவர் வட்டி கிடைக்கும், அதோடு சரி. மகன் உண்மையாகவே பணத்தை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டால்? தன் கணக்கிலிருந்து அம்மாவின் தனிக் கணக்குக்கு அனுப்பி, ஒரு தானப் பத்திரமும் எழுதி, அம்மா தன் பெயரில் டெபாசிட் போட்டால், வட்டி அம்மாவுடையதே. பெற்றோருக்குக் கொடுத்ததன் வருமானத்தைக் கொடுத்தவர் தலையில் சேர்க்கும் பிரிவு சட்டத்தில் இல்லை.

ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். முதிர்ந்ததும் பணம் மகன் கணக்குக்கே திரும்பி வருகிறது என்றால், அது தானமா வெறும் பெயர் மாற்றமா என்று கேட்க அதிகாரிக்கு இடம் உண்டு. திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையோடு கொடுத்ததன் வருமானம் கொடுத்தவருடையதே என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. இன்னொன்று, அம்மாவின் சொத்தாகிவிட்ட பிறகு அது அம்மாவின் வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. வரியை மிச்சம் பிடிக்கப்போய், மகன் போட்ட 18 லட்சத்தில் 9 லட்சம் தங்கைக்குப் போகலாம். அதில் வருத்தமில்லாதவர்களுக்கு மட்டுமே இந்த வழி. உயில் எழுதிக்கொள்ளலாம்தான், அதை அம்மா எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கணவன் மனைவிக்கு இந்தக் கதவும் மூடியிருக்கிறது. கணவர் தன் பணத்தை மனைவி பெயரை முதலில் போட்டு வைத்தால், தானம் இல்லையென்றால் வட்டி நேராகவே கணவருடையது. தானம் என்றால் 64(1)(iv) பிரிவு வந்து அதே வட்டியைக் கணவர் வருமானத்தில் சேர்த்துவிடும். எப்படிப் போனாலும் ஒரே இடம்தான். ஒரு சின்ன விலக்கு உண்டு: தானமாக வந்த 10 லட்சத்தின் 70,000 வட்டியை மனைவி தனியாக வேறொரு டெபாசிட்டில் போட்டால், அதற்கு வரும் 4,900 மனைவியுடையது. வட்டியும் அசலும் ஒரே ரசீதில் ஏறிக்கொண்டே போகும் குமுலேட்டிவ் டெபாசிட்டில் இதைப் பிரித்துக் காட்டுவது தலைவலி, ஆகவே வட்டியை மாதாமாதமோ காலாண்டுக்கோ மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு வரும்படி வைப்பது நல்லது.

ஆளுக்குப் பாதி என்ற கணக்கு, இருவரும் பாதிப் பாதி போட்டிருந்தால் மட்டும் சரி. ஒருவர் 12 லட்சம், இன்னொருவர் 6 லட்சம் என்றால் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று. இந்த வருடம் யாருக்கு வரி குறைவு என்று பார்த்துப் பங்கை மாற்றிக்கொள்ள முடியாது.

பெயர் வரிசையை மாற்றிப் போட நியாயமான காரணம் ஒன்றும் இருக்கிறது. வங்கி மூழ்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான். ‘அம்மா, மகன்’ என்ற வரிசையில் ஒரு கணக்கும், ‘மகன், அம்மா’ என்ற வரிசையில் இன்னொன்றும் இருந்தால் காப்பீட்டுக் கழகம் அவற்றைத் தனித்தனியாகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் வரை தருகிறது. விவரம் தெரிந்தவர்கள் இதற்காகவே ஒரே வங்கியில் இரண்டு விதமாகவும் போடுகிறார்கள். இந்த 18 லட்சத்துக்கு அதைவிட நாலு வங்கியில் பிரித்து, நாலிலும் அம்மா பெயரை முதலில் போடுவதையே நான் சொல்வேன். பாதுகாப்பும் கிடைக்கும், அரை சதவீதமும் போகாது. ஒவ்வொரு வங்கியிலும் வட்டி 31,500-தான், 1 லட்ச வரம்புக்கு எவ்வளவோ கீழே, ஆகவே 15எச் படிவமே தேவைப்படாது. ஏற்கெனவே மகன் பெயர் முன்னால் இருக்கும் ரசீதை நடுவில் முறித்தால் பெரும்பாலும் வட்டியைக் குறைத்துவிடுவார்கள். முதிர்வு வரை 37பிஏ கடிதத்தைக் கொடுத்து ஓட்டுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதே பெயர் வரிசையோடு அடுத்த தவணையும் ஆரம்பித்துவிடும்.